சதவீதம் போதாது, எண்ணிக்கையையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,



ஜுரம் என்று படுத்தவர் யாராயினும் உடனே ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு அழைத்துச் செல்லப்படுவதும், அங்கிருந்து வரும் ரிப்போர்ட்டில் வீட்டார் அனைவரும் பிளேட்லெட் என்ற ஒரு வரியை மட்டும் தேடிப் படித்து, அது லட்சத்துக்கு மேல் இருந்தால் நிம்மதியாகப் பெருமூச்சு விடுவதும் டெங்குவுக்கு அஞ்சும் நமது ஊர்களில் வழக்கமாகிவிட்டன. அதே காகிதத்தில் அதற்குச் சற்று மேலே இருக்கும் வெள்ளணுக் கணக்கைப் பல நிலையத்தார் அரைகுறையாக அச்சிட்டுத் தருகிறார்கள் என்பதையும், அந்த அரைகுறையினால் எங்கள் குடும்பத்தில் நேரவிருந்த விபரீதத்தையும் தங்கள் பத்திரிகையின் வாயிலாகப் பொதுஜனங்களுக்கும் சுகாதாரத் துறை அதிகாரிகளுக்கும் தெரிவிக்க விரும்புகிறேன்.

என் தம்பி மகளுக்கு வயது 34. தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்ததால் ஆறு வாரங்களாகக் கார்பிமசோல் மாத்திரை சாப்பிட்டு வந்தாள். சென்ற ஐப்பசியில் ஒரு நாள் மாலை அவளுக்குக் குளிருடன் ஜுரம் கண்டது. எச்சிலை விழுங்க முடியாத தொண்டை வலியும், நாக்கின் ஓரத்தில் இரண்டு புண்களும் கூடவே வந்தன. பரிசோதனை நிலையத்தார் கொடுத்த காகிதத்தில் டோட்டல் கவுண்ட் 1,800 என்றும், நியூட்ரோஃபில் 12 சதவீதம், லிம்ஃபோசைட் 80 சதவீதம் என்றும், பிளேட்லெட் 1,90,000 என்றும் கண்டிருந்தது. "பிளேட்லெட் நல்லா இருக்கு சார். வைரஸ் ஜுரத்துல வெள்ளணு குறையறது சகஜம், பயப்படாதீங்க" என்று அங்கிருந்த பெண் சொன்னாள். அவள் சொன்னது பொய்யன்று. அவளுக்கு அந்த மாத்திரையைப் பற்றித் தெரியாது, நாங்களும் சொல்லவில்லை. அந்தச் சமாதானத்தை நம்பிப் பாரசிட்டமாலும் கஞ்சியுமாக ஒரு முழு நாளைக் கழித்துவிட்டோம்.

மறுநாள் ஜுரம் 103 டிகிரிக்கு ஏறிய பிறகே மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். அங்கே டாக்டர் அந்தக் காகிதத்தின் ஓரத்தில் ஒரு சிறிய பெருக்கல் போட்டார். 1,800-இல் 12 சதவீதம் 216. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் குறைந்தது 1,500 நியூட்ரோஃபில்கள் இருக்கவேண்டிய பெண்ணின் உடலில் இருந்தவை அவ்வளவே.

நாற்பது வருஷங்கள் பள்ளியில் உயிரியல் போதித்த எனக்கு அந்தப் பெருக்கலைப் போடத் தோன்றவில்லை என்பது இன்றும் மனத்தை வருத்துகிறது. பாக்டீரியாவையும் பூஞ்சையையும் எதிர்த்து முதலில் களத்துக்கு ஓடுபவை நியூட்ரோஃபில்களே. அவை 1,500-க்குக் கீழே போனால் குறைவு, 1,000-க்குக் கீழே போனால் கவனத்துக்குரிய குறைவு, 500-க்குக் கீழே போனால் வாயிலும் குடலிலும் சாதாரணமாக வாழும் கிருமிகளே உயிருக்கு அபாயமாகிவிடும் என்று வைத்தியர்கள் வகுத்திருக்கிறார்கள். இந்த வகுப்பு முழுவதும் எண்ணிக்கையைக் கொண்டு செய்யப்பட்டதே தவிர, சதவீதத்தைக் கொண்டன்று. டோட்டல் கவுண்ட் 9,000 உள்ள ஒருவருக்கு நியூட்ரோஃபில் 20 சதவீதம் என்று இருந்தால், பார்வைக்கு அது பயங்கரமாகத் தோன்றினும், எண்ணிக்கை 1,800 ஆகிறது. அவருக்கு அந்த வகையில் அபாயம் இல்லை. மேலும், சீழ் என்பதே பெரும்பாலும் மடிந்த நியூட்ரோஃபில்களின் திரள் ஆகையால், அவை அற்றுப்போன உடலில் தொண்டை சீழ் வைக்காமல் வெறுமனே சிவந்து காட்டி, பார்ப்பவரை ஏமாற்றவும் கூடும்.

வெள்ளணு குறைந்த ஒவ்வொருவரும் கலங்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. அதே மாதத்தில் எங்கள் அண்டை வீட்டுப் பையனுக்கு வைரஸ் ஜுரத்தில் டோட்டல் கவுண்ட் 2,900, நியூட்ரோஃபில் 38 சதவீதம், அதாவது ஏறத்தாழ 1,100 என்று வந்தது. டெங்கு, இன்ஃபுளூயன்ஸா முதலிய வைரஸ் ஜுரங்களே இக்குறைவுக்கு மிகச் சாதாரணமான காரணம். டைபாய்டிலும் இது காண்பதுண்டு. ஜுரம் தணிந்து பையன் பள்ளிக்குப் போகத் தொடங்கிய பின், இரண்டு வாரம் கழித்து மறுபடி பார்த்தபோது எல்லாம் சரியாக இருந்தது. பி12, ஃபோலிக் அமிலச் சத்துக்களின் குறைவு, மண்ணீரல் வீக்கம், லூபஸ் போன்ற நோய்கள், அரிதாக எலும்பு மஜ்ஜையின் கோளாறு ஆகியவையும் காரணமாகலாம். எடுத்த ரத்தம் குழாயில் உறைந்துபோனாலோ, பரிசோதிக்காமல் வெகுநேரம் கிடந்தாலோகூடக் கணக்கு பிழைபடும். ஆனால் மாத்திரையினால் நேரும் குறைவு மட்டும் சில நாட்களிலேயே பாதாளத்துக்கு இறங்கிவிடக் கூடியது. கார்பிமசோல் சாப்பிடுபவர்களில் ஆயிரத்தில் சிலருக்கே, அதுவும் பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களுக்குள்ளேயே, இவ்விபத்து நேர்கிறதென்றும், ஜுரமோ தொண்டை வலியோ வாய்ப்புண்ணோ கண்டால் அன்றே மாத்திரையை நிறுத்தி ரத்தம் பார்க்கவேண்டுமென்றும் டாக்டர் சொன்னார். மாத்திரை கொடுத்த இடத்தில் இந்த ஒரு வாக்கியத்தை எங்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

எப்போது மறுபரிசோதனை என்ற கேள்விக்கும் அந்தப் பெருக்கல்தான் விடை தருகிறது. எண்ணிக்கை ஆயிரத்துக்கு மேல் இருந்து, நோயாளியும் நலமாக இருந்தால், அண்டை வீட்டுப் பையனுக்குச் செய்ததுபோல ஓரிரு வாரம் காத்திருக்கலாம். ஆயிரத்துக்குக் கீழானால் சில நாட்களுக்குள்ளேயே மறுபடி பார்த்து, கண்ணாடித் தகட்டில் ரத்தத்தைப் பூசி மைக்ராஸ்கோப்பிலும் நோக்கவேண்டும். ஐந்நூறுக்குக் கீழானால் அன்றைக்கே டாக்டரைப் பார்த்து மறுபரிசோதனை. அதனுடன் ஜுரமும் இருந்தால் அதன் முடிவுக்குக்கூடக் காத்திராமல் மருத்துவமனையில் நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் ஏற்றத் தொடங்கிவிட வேண்டும். குறைவு மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தாலும், சிவப்பணுவும் பிளேட்லெட்டும் கூடவே குறைந்தாலும், ரத்தநோய் நிபுணரிடம் காட்டுவது அவசியம்.

எங்கள் பெண்ணுக்கு அன்று மாலையே மறுபடி பார்த்ததில் எண்ணிக்கை 190-ஆக இறங்கியிருந்தது. கார்பிமசோலை நிறுத்தி, ஆன்டிபயாடிக்குடன் மஜ்ஜையைத் தூண்டும் ஊசியும் போட்டு, தனி அறையில் வைத்திருந்தார்கள். ஆறு நாள் வரை கணக்கு அசையவில்லை. ஏழாம் நாள் 420, ஒன்பதாம் நாள் 1,600. இனி ஆயுளில் அந்த மாத்திரையைத் தொடக்கூடாதென்று எழுதிக் கொடுத்து, தைராய்டுக்குக் கதிரியக்க அயோடின் சிகிச்சை செய்திருக்கிறார்கள்.

இதில் எனக்கு அடங்காத மனக்குறை ஒன்று உண்டு. இக்காலத்து ரத்தம் எண்ணும் கருவிகளில் பெரும்பாலானவை இந்த எண்ணிக்கையைத் தாமே கணக்கிட்டுத் திரையில் காட்டுகின்றன. அதை அச்சிட நிலையத்தாரின் படிவத்தில் ஒரு வரி இடம் ஒதுக்கப்படவில்லை, அவ்வளவே. ஆகவே பரிசோதனை நிலையங்களுக்கு அனுமதி வழங்கும் அதிகாரிகள், நியூட்ரோஃபில் சதவீதத்தின் அருகில் எண்ணிக்கையையும் அச்சிடவேண்டும் என்றும், அது 500-க்குக் கீழிருந்தால் காகிதத்தை நீட்டுவதோடு நில்லாமல் அனுப்பிய டாக்டரையும் நோயாளியையும் அந்தக் கணமே தொலைபேசியில் அழைத்துச் சொல்லவேண்டும் என்றும் உத்தரவிட வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன். கார்பிமசோல் விற்கும் மருந்துக் கடைகளில் மாத்திரை அட்டையுடன் தமிழில் ஓர் எச்சரிக்கைச் சீட்டும் கொடுக்கச் செய்யவேண்டும். எங்கள் ஊரில் மூன்று நிலையங்களின் படிவங்களை வாங்கிப் பார்த்தேன். இரண்டில் அந்த வரி இன்றும் இல்லை.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர் ஒருவர்,
கும்பகோணம்.