இலவசமாக வரும் ரியால்

பலாங்கொடையிலிருந்து இறக்குவானை வரை, தெரணியகலையிலிருந்து எட்டியாந்தோட்டை வரை, சப்ரகமுவத் தோட்டங்களில் லயத்துக்கு லயம் யாரோ ஒரு மகளோ மருமகளோ ரியாத்திலோ தோஹாவிலோ வீட்டுவேலை செய்கிறாள். அவள் அனுப்பும் காசைப் பற்றிப் பேச்சு வந்தால், "அந்தக் கடையில கமிஷன் ஒரு சதமும் எடுக்கிறதில்ல" என்ற வார்த்தையும் கூடவே வரும். கமிஷன் இல்லையென்றால் செலவு இல்லை, அனுப்பியது அப்படியே வந்து சேர்கிறது என்பது இங்கே பலரின் முடிவு. படித்தவர்களும் இதை நம்புகிறார்கள். பணம் அனுப்பும் நிறுவனங்களின் விளம்பரங்களும் இதைத்தான் பெரிய எழுத்தில் போடுகின்றன.

இந்த நம்பிக்கை தவறு. கமிஷன் வாங்காத கடையும் சம்பளம் கொடுக்கிறது, வாடகை கட்டுகிறது, லாபமும் பார்க்கிறது. அந்தக் காசு ரியாலுக்குக் கடை தரும் விலைக்குள்ளேயே இருக்கிறது. கொழுந்து நிறுக்கும் இடத்தில் சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கிலோவைக் கழித்துவிட்டுத்தான் செக்ரோலில் எழுதுவார்கள். கழித்தது எந்தத் தாளிலும் வராது. அந்தக் கழிவை எதிர்த்துத் தராசடியில் சண்டை போடும் நம் மக்கள் ரியால் விலையில் நடக்கும் கழிவைக் கேட்காமல் விடுகிறார்கள். காரணம் எளிது. முழு நிறை எவ்வளவு என்று தராசின் முள்ளைப் பார்த்தால் தெரியும். ரியாலின் முழு விலை எது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

முழு விலை என்று ஒன்று உண்டு. வங்கிகள் தங்களுக்குள் பெருந்தொகையாக டொலர் வாங்கி விற்கும்போது, வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவே விழும் எண் அது. நடுவிலை என்பார்கள். கூகிளில் தேடினால் வருவதும் ஏறக்குறைய அதுதான். இலங்கை மத்திய வங்கி ஒவ்வொரு வேலைநாளும் டொலரின் வாங்கும் விலையையும் விற்கும் விலையையும் தன் இணையத்தளத்தில் போடுகிறது. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் நடுவிலை கிடைக்கும்.

ரியாலுக்கு இந்தக் கணக்கு இன்னும் சுலபம். சவூதி அரசு 1986 முதல் ஒரு டொலருக்கு 3.75 ரியால் என்று கட்டி வைத்திருக்கிறது. ஆகவே டொலரின் நடுவிலையை 3.75ஆல் வகுத்தால் ரியாலின் நடுவிலை வந்துவிடும். டொலர் 300 ரூபாய் என்றால் ரியால் சரியாக 80 ரூபாய். டுபாய் திர்ஹாமுக்கு 3.6725ஆலும் கட்டார் ரியாலுக்கு 3.64ஆலும் வகுக்க வேண்டும். குவைத் டினாருக்கு மட்டும் இந்த வழி சரிவராது. அது பல நாணயங்களின் கலவையோடு கட்டப்பட்டிருப்பதால் அன்றைய விலையை நேராகவே பார்க்க வேண்டும்.

கணக்குக்கு வசதியாக ரியால் 80 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். ரியாத்தில் ஒரு பெண் 1,000 ரியால் அனுப்புகிறாள். முழு விலைப்படி அது 80,000 ரூபாய். முதல் கடையில் கமிஷன் இல்லை, ஆனால் ரியாலுக்கு 78 ரூபாய் 20 சதம்தான் தருகிறார்கள். வீட்டுக்கு வருவது 78,200. கமிஷன் இல்லாமல் போன காசு 1,800. இரண்டாவது கடை 15 ரியால் கட்டணம் கேட்கிறது. அந்தக் கட்டணத்துக்கு சவூதி அரசின் 15 வீத வற் வரி வேறு, ஆக மொத்தம் 17.25 ரியால். ஆனால் அங்கே ரியாலுக்கு 79 ரூபாய் 60 சதம். மிஞ்சிய 982.75 ரியாலுக்கு வருவது 78,227. கட்டணம் வாங்கிய கடையும் வாங்காத கடையும் கிட்டத்தட்ட ஒரே தொகையைத்தான் தருகின்றன. "இலவசம்" என்ற சொல்லின் மதிப்பு இங்கே 27 ரூபாய், அதுவும் பாதகமான பக்கத்தில்.

இந்த வற் வரியில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வெளிப்படையாக வாங்கும் கட்டணத்துக்கு சவூதியில் வரி உண்டு. விலைக்குள் வைத்து எடுக்கும் லாபத்துக்கு அந்த வரி இல்லை. கண்ணுக்குத் தெரிகிற செலவுக்குத்தான் வரி விழும் என்றால், புத்தியுள்ள எந்த வியாபாரியும் செலவை விலைக்குள் தள்ளத்தான் பார்ப்பான்.

அதே பெண் இரண்டு மாதச் சம்பளத்தைச் சேர்த்து 2,000 ரியால் அனுப்பினால் கணக்கு மாறிவிடும். இலவசக் கடையில் 1,56,400 ரூபாய். கட்டணக் கடையில் 1,57,827. வித்தியாசம் 1,427 ரூபாய். 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த தோட்ட அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மறுபக்கம், அவசரத்துக்கு 500 ரியால் மட்டும் அனுப்பினால் இலவசக் கடைதான் ஏறக்குறைய 670 ரூபாய் கூடத் தரும். கட்டணம் எவ்வளவு அனுப்பினாலும் அதேதான். விலைக்குள் இருக்கும் கழிவோ தொகையோடு சேர்ந்து வளரும். ஆகவே எந்தக் கடை மலிவு என்ற கேள்விக்கு, எவ்வளவு அனுப்புகிறாய் என்று தெரியாமல் பதிலே இல்லை.

கழிவு ஒரே இடத்தில்தான் நடக்கும் என்றும் நினைக்கக் கூடாது. ரியாலை ரூபாயாக மாற்றாமல் டொலராக ஊர் வங்கிக் கணக்குக்கு அனுப்புகிறவர்கள் உண்டு. அங்கே ரியால் டொலராகும்போது ஒரு கடி, இங்கே டொலர் ரூபாயாகும்போது இன்னொரு கடி. அங்கே 3.75க்குப் பதில் 3.77 என்று போட்டால் 1,000 ரியாலுக்கு 266.67 டொலருக்குப் பதில் 265.25 டொலர்தான் கிளம்பும். இங்கே வங்கி தன் வாங்கும் விலையைத் தரும். 2024ஆம் ஆண்டில் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையே எட்டு, ஒன்பது ரூபாய் இடைவெளி சாதாரணமாக இருந்தது. அப்படியானால் நடுவிலை 300 ஆக இருக்கும் நாளில் வங்கி தருவது 296 அளவில் இருக்கும். வந்து சேர்வது 78,514 ரூபாய். போனது 1,486. இரண்டு ரசீதிலும் கமிஷன் பூச்சியம் என்றே இருக்கும். அங்குள்ளவர் இங்கே நடந்ததைப் பார்க்க மாட்டார், இங்குள்ளவர் அங்கே நடந்ததைப் பார்க்க மாட்டார்.

இதைக் கொள்ளை என்று சொல்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. நடுவிலையில் சாதாரண ஆளுக்கு வழக்கமாக எவரும் மாற்றித் தருவதில்லை. வங்கிகளுக்கே அது ஒரு சராசரிதான். உலக வங்கி நாடு விட்டு நாடு பணம் அனுப்பும் செலவை அளக்கும்போது கட்டணத்தையும் விலைக் கழிவையும் சேர்த்தே கணக்கிடுகிறது. அந்த அளவில் உலகச் சராசரி 6 வீதத்துக்கு மேல். 2030க்குள் அதை 3 வீதத்துக்குக் கீழே இறக்குவது ஐக்கிய நாடுகளின் இலக்கு. வளைகுடாவிலிருந்து தெற்காசியாவுக்கு வரும் பாதைகளில் போட்டி அதிகம், செலவும் குறைவு. நான் மேலே போட்ட கணக்கில் 1,000 ரியாலுக்குப் போனது 2 வீதத்தை ஒட்டித்தான். இரண்டு வீதம் ஒரு சேவைக்குக் கேட்கக்கூடிய கூலிதான். அதைக் கூலி என்று சொல்லாமல் பூச்சியம் என்று எழுதுவதைத்தான் நான் எதிர்க்கிறேன். பூச்சியத்தோடு பூச்சியத்தை யாராலும் ஒப்பிட முடியாது. ஒப்பிட முடியாத இடத்தில் போட்டி விலையைக் குறைக்காது.

நடுவிலையே பொய்யாகிப்போன காலமும் நமக்கு உண்டு. 2021 செப்டெம்பர் முதல் 2022 மார்ச் தொடக்கம் வரை மத்திய வங்கி டொலரை 203 ரூபாய்க்கு மேலே போகாமல் பிடித்து வைத்திருந்தது. கூகிளும் அதையே காட்டியது. அந்த விலையை ஒட்டி டொலரை வங்கிக்குக் கொடுக்கலாம், வங்கியிடமிருந்து வாங்க முடியாது. டொலர் கிடைக்காமல் சாப்பாட்டுச் சாமான் கொள்கலன்கள் கொழும்புத் துறைமுகத்தில் தேங்கிக் கிடந்தன. விலை பொய் என்பதற்கு அதைவிடச் சாட்சி தேவையில்லை. உண்டியல்காரர்கள் 240 ரூபாய் வரை கொடுத்தார்கள். மத்திய வங்கி 2021 டிசெம்பரில் ஊக்கத்தொகையை டொலருக்குப் பத்து ரூபாயாக உயர்த்தியது. வங்கி 203ஐ முழுதாகத் தந்ததாக வைத்து அதையும் சேர்த்தால், 1,000 ரியாலுக்கு வங்கி வழியில் 56,800 ரூபாய், உண்டியலில் 64,000. வித்தியாசம் 7,200 ரூபாய். அன்றைய தோட்டக் கூலி நாளுக்கு 1,000 ரூபாய் என்றால், அது ஏழு நாள் பிரட்டுக்குப் போன கூலிக்கும் மேல்.

அந்த மாதங்களில் கழிவு பணமாற்றுக் கடையில் நடக்கவில்லை. கொழும்பில், கொள்கை வகுக்கும் மேசையில் நடந்தது. மக்கள் கணக்கைப் புரிந்துகொண்ட வேகமும் அப்போதுதான் தெரிந்தது. 2020இல் 7.1 பில்லியன் டொலராக இருந்த வெளிநாட்டு உழைப்பாளர் பணம் 2021இல் 5.5 பில்லியனாகவும் 2022இல் 3.8 பில்லியனாகவும் விழுந்தது. உண்டியலில் அனுப்பியவர்களைத் தேசத்துரோகிகள் போலப் பேசினார்கள். உண்டியலில் ஆபத்து இருக்கத்தான் செய்கிறது: ரசீது இல்லை, யாரோ ஒருவர் உங்கள் கணக்கில் காசு போடுகிறார், நாளைக்கு விசாரணை வந்தால் கணக்குக்காரர்தான் பதில் சொல்ல வேண்டும். ஆனால் பத்து ரூபாயைக் கையில் கொடுத்துவிட்டு, விலையில் முப்பத்தேழு ரூபாயை மறைத்து எடுத்தவர்களுக்கு அந்தப் பெண்களைத் திட்டும் உரிமை இருந்ததா? 2022 மார்ச்சில் கட்டு அவிழ்ந்தது. மே மாதத்துக்குள் டொலர் 360ஐத் தாண்டியது.

ஆகவே, "கமிஷன் எவ்வளவு?" என்ற கேள்வியை முதலில் விட வேண்டும். "இன்ன ரேட்டுக்குப் போட்டாங்க" என்பதும் போதாது. கையிலிருந்து மொத்தமாக எத்தனை ரியால் போகிறது, ஊரில் கைக்கு எத்தனை ரூபாய் வருகிறது என்ற இரண்டை மட்டும் கேட்க வேண்டும். வந்த ரூபாயைப் போன ரியாலால் வகுத்தால் உண்மையான விலை தெரியும். அதை அதே நாளின் நடுவிலையோடு வைத்துப் பார்த்தால் கழிவு முழுதும் வெளியே வந்துவிடும், எங்கே ஒளித்து வைத்திருந்தாலும். அதே நாள் என்பது முக்கியம். நேற்றைய விலையோடு இன்றைய ரசீதை ஒப்பிட்டுச் சண்டை பிடித்துப் பயனில்லை. கணக்கில் விழும் காசுக்கும் கையில் எடுக்கும் காசுக்கும் ஒரே நிறுவனமே வேறு விலை போடலாம் என்பதால் இரண்டையும் தனித்தனியே கேட்க வேண்டும். முதல் தடவை அனுப்புகிறவர்களுக்கு மட்டும் நடுவிலையையே தரும் செயலிகளும் உண்டு. இரண்டாவது தடவைதான் அவற்றின் நிஜமான விலை.

தொழிற்சங்கங்கள் நாட்சம்பளத்தில் ஐம்பது ரூபாய் ஏற்ற வருடக்கணக்கில் மேசையில் உட்காருகின்றன. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் பணிப்பெண்களுக்குப் பயணத்துக்கு முன் சலவை இயந்திரம் இயக்கவும் அரபுச் சொற்கள் பேசவும் பயிற்சி தருகிறது. 3.75ஆல் வகுக்கும் கணக்கை அந்த வகுப்பில் சொல்லிக்கொடுக்கப் பத்து நிமிடம் போதும். மத்திய வங்கி செய்ய வேண்டியது அதைவிடச் சிறியது: இலங்கையில் பணம் கொடுக்கும் ஒவ்வொரு வங்கியும் முகவரும், ரசீதில் தாங்கள் தந்த விலைக்குப் பக்கத்தில் அன்றைய நடுவிலையையும் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட வேண்டும் என்று ஒரு பணிப்புரை.