மறுப்பு மடல்

வேலை கேட்டு எழுதும் மடலுக்கு நாம் பத்துப் படிவம் எழுதிப் பார்க்கிறோம். கிடைத்த வேலையை வேண்டாமென்று எழுதும் மடலுக்கோ ஒரு படிவமும் எழுதிப் பார்ப்பதில்லை. இதனால் வரும் கேட்டை நான் அண்மையில்தான் உணர்ந்தேன்.

சித்தூரை அடுத்த ஒரு மாங்கூழ் ஆலையில் எனக்கு ஆய்வகப் பணி கிடைத்தது. கூழின் இனிப்பையும் புளிப்பையும் அளந்து சொல்லும் வேலை. விடையளிக்க ஏழு நாள் தவணை தந்திருந்தனர். இரண்டாம் நாளே திருப்பதி திருவேங்கடவன் பல்கலைக்கழகத்தில் முதுகலைப் படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டது. "ஏழாம் நாள் வரை சும்மா இரு, என்ன அவசரம்?" என்றான் நண்பன். அவசரம் எனக்கில்லைதான், ஆனால் பட்டியலில் எனக்கு அடுத்து நின்றவனுக்கு உண்டல்லவா? நான் வாய் திறவாத ஒவ்வொரு நாளும் அவனுடைய நாளன்றோ!

மூன்றாம் நாள் எழுத அமர்ந்தேன். முதலில் எழுதியது பொய்: "தாயாருக்கு உடல்நலமில்லை." சித்தூருக்கும் திருப்பதிக்கும் இடையே எழுபது கிலோமீட்டர்தான். பொய் அத்தொலைவை ஒரே நாளில் கடந்துவிடும். அதை அழித்தேன். அடுத்து எழுதியது, "ஊதியம் குறைவு." அதுவும் பொருந்தவில்லை. ஊதியம்தான் குறையென்றால் மறுக்கும் முன்பே பேசியிருக்க வேண்டும்; மறுப்பு மடலில் அதை எழுதினால் பேரம் போலத் தோன்றும். அதையும் அழித்தேன்.

பணியாணை வந்த மின்னஞ்சலுக்கே மறுமொழியாக, என்னை நேர்காணல் செய்த ஆய்வக மேலாளருக்கும் படி வைத்து, இறுதியில் ஆங்கிலத்தில் எழுதியதன் தமிழ் இது:

"ஐயா, ஆய்வகப் பணிக்கு என்னைத் தெரிந்தெடுத்தமைக்கு நன்றி. முதுகலை படிக்க இடம் கிடைத்திருப்பதால் இப்பணியை ஏற்க இயலவில்லை. அடுத்தவரை அழைக்க வசதியாக இன்றே தெரிவிக்கிறேன். நேர்காணலன்று ஆய்வகத்தைச் சுற்றிக் காட்டி விளக்கியதை மறவேன். இரண்டாண்டில் என் படிப்பு முடியும். அப்போது இடமிருந்தால் மீண்டும் விண்ணப்பிக்க விரும்புகிறேன்."

முதல் இரண்டு வரியிலேயே மறுப்பு தெளிவாகிவிட்டது. "இப்போதைக்கு யோசிக்கிறேன்" என்று மழுப்பியிருந்தால் அவர்கள் காத்திருப்பார்கள், பின்னர் சினப்பார்கள். கதவைத் திறந்து வைப்பது கடைசி வரி. "வருங்காலத்தில் சேர்ந்து பணியாற்றுவோம்" என்பது எவரும் எழுதும் வெற்றுரை. "இரண்டாண்டில்" என்பது அவர்கள் குறித்துவைக்கக் கூடிய செய்தி. திரும்பிச் செல்லும் எண்ணம் மெய்யாகவே இல்லையென்றால் அந்த வரியை எழுதாமல் விடுவதே நேர்மை.

மறுநாள் ஒருவரி விடை வந்தது: "நன்றி, அடுத்தவரை அழைத்துவிட்டோம்." எனக்கென்று எந்த உறுதியும் அதில் இல்லை. இருந்திருக்கவும் கூடாது. இரண்டாண்டு கழித்து நான் மீண்டும் எழுதினால், முகம் சுளிக்காமல் படிப்பார்கள். திறந்த கதவு என்பது அவ்வளவே; நமக்கு அது போதும்.