தவணைக்கு அவகாசம் கேட்பது பிச்சை அல்ல

படிப்புக்கு லோன் எடுத்த நம் ஊர்ப் பிள்ளைகள் வங்கிக்கு எழுதிய கடிதங்களை எங்களிடம் காட்டுகிறார்கள். எல்லாவற்றிலும் ஒரே வாசகம்தான்: "நான் மிகவும் கஷ்டப்பட்ட குடும்பத்தைச் சேர்ந்தவன். கருணை கூர்ந்து உதவுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்." எத்தனை மாத அவகாசம் வேண்டும், எந்தத் திகதியிலிருந்து வேண்டும், அதற்குப் பிறகு எப்படிக் கட்டப்போகிறோம் என்று ஒரு வரியும் இல்லை. இப்படியான கடிதத்துக்கு வங்கி "முடியாது" என்று சொல்ல வேண்டிய தேவையே இல்லை. கோப்புக்குள் போட்டு மூடிவிடலாம்.

2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது மத்திய வங்கியே கடன் சலுகைக் காலத்தை அறிவித்தது. அது நாட்டுக்கே வந்த ஆபத்து. ஒரு வீட்டுக்கு மட்டும் வரும் ஆபத்துக்கு எந்தச் சுற்றறிக்கையும் வராது. அங்கே பேசவேண்டியது உங்கள் கடிதம்தான்.

கடிதத்தைக் கொண்டுபோனால், "சம்பளச் சீட்டு இருக்கா?" என்று கேட்கிறார்கள். நாங்கள் திருப்பிக் கேட்கிறோம்: புல்மோட்டையில் கடலுக்குப் போகும் வாப்பாவுக்கு எந்த முதலாளி சம்பளச் சீட்டு கொடுப்பான்? வாடைக் காலத்தில் கடல் கொந்தளித்தால் தோணி கரையில் கிடக்கும். கடலுக்கு அந்த மாதங்களில் லீவு உண்டு, தவணைக்கு மட்டும் லீவு கிடையாது. சீட்டு இல்லை என்பதற்காகக் கஷ்டம் இல்லை என்று ஆகிவிடாது. கஷ்டத்துக்கு வேறு சான்றுகள் உண்டு.

கிராம உத்தியோகத்தரிடம் வருமானச் சான்றிதழ் எடுத்து, குச்சவெளி பிரதேச செயலகத்தில் மேலொப்பம் வாங்குங்கள். எந்த மாதங்களில் தொழில் இல்லை என்று மீனவர் சங்கத்திடம் ஒரு கடிதம் எடுங்கள். கடைசி ஆறு மாத வங்கிப் புத்தகத்தின் பிரதியை வையுங்கள். நோய் என்றால் ஆஸ்பத்திரித் துண்டு, வேலை போனது என்றால் நிறுத்திய கடிதம். கடிதத்தில் நீங்கள் சொல்லும் ஒவ்வொரு காரணத்துக்கும் பின்னால் ஒரு தாள் இருக்க வேண்டும். திகதிகள் ஒன்றோடொன்று பொருந்தவும் வேண்டும். நவம்பரில் தொழில் நின்றது என்று எழுதிவிட்டு மே மாதச் சான்றிதழை இணைத்தால், உண்மையும் பொய்போலத் தெரியும்.

கேட்பதை இப்படிக் கேளுங்கள்:

"கடன் இலக்கம் இது. இதுவரை இத்தனை தவணை கட்டியுள்ளேன். டிசம்பர் முதல் மே வரை ஆறு மாதத் தவணைகளை ஒத்திவைக்கக் கோருகிறேன். ஜூன் மாதத்திலிருந்து மீண்டும் கட்டுவேன். இக்காலத்தில் வட்டி எவ்வாறு கணக்கிடப்படும் என்பதையும், புதிய தவணை அட்டவணையையும் எழுத்தில் தரவும்."

வட்டி பற்றிய அந்த வரியை விட்டுவிடாதீர்கள். அவகாசம் என்றால் தள்ளுபடி என்று பலர் நினைக்கிறார்கள். ஆறு இலட்சம் பாக்கி, வருட வட்டி 12 வீதம் என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு 6,000 ரூபா வட்டி, ஆறு மாதத்துக்கு 36,000. அதை முதலோடு சேர்த்துவிட்டால் பாக்கி 6,36,000 ஆகும். அதன் பிறகு வட்டிக்கும் வட்டி. முடியுமென்றால் முதலை மட்டும் ஒத்திவைக்கக் கேட்டு, வட்டியை மாதாமாதம் கட்டிவிடுங்கள். அரசாங்கத்தின் வட்டியில்லாக் கடன் எடுத்தவர்களும், ஒத்திவைக்கும் மாதங்களுக்கு ஏதும் அறவிடப்படுமா என்று எழுத்தில் கேட்க வேண்டும்.

தவணை தவறிய பிறகு எழுதும் கடிதத்தைவிட, தவறுவதற்கு முன் எழுதும் கடிதத்துக்குத்தான் மதிப்பு. தவறினால் அது கொடுகடன் தகவல் பணியகத்தின் அறிக்கையில், அதாவது நாம் "கிரிப்" என்று சொல்வதில், பதிவாகும். உங்களை நம்பிப் பிணைக்குக் கையெழுத்து வைத்த மாமாவும் அந்தப் பாக்கிக்குப் பொறுப்பாளி. நாளைக்கு அவர் தன் தேவைக்கு ஒரு கடன் கேட்டுப் போனால், உங்கள் பாக்கி அவருக்கு முன்னால் போய் நிற்கும்.

கடிதத்தை இரண்டு பிரதி கொண்டுபோங்கள். ஒன்றில் கிளையின் முத்திரையும் திகதியும் வாங்குங்கள். முத்திரை வைக்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பி, துண்டைப் பத்திரப்படுத்துங்கள். கவுன்டரில் வாயால் சொல்லும் "சரி, பார்க்கிறோம்" என்பது பதில் அல்ல. அதை நம்பி வீட்டில் இருந்தவர்களின் தவணை ஓடிக்கொண்டேதான் இருக்கும். எழுத்தில் பதில் வராவிட்டால் தலைமை அலுவலகத்துக்கு முறையிடுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களம் இருக்கிறது, இலக்கம் 1935. அங்கே முதலில் கேட்கப்போவது, நீங்கள் வங்கிக்கு எழுதியதற்கு என்ன ஆதாரம் என்றுதான்.

அவகாசம் கொடுப்பதும் மறுப்பதும் வங்கியின் முடிவு. நல்ல கடிதம் எழுதினாலும் மறுக்கலாம். ஆனால் மறுப்பதென்றால் காரணத்தை எழுதி, கையெழுத்து வைத்து மறுக்கட்டும். வாங்கிய கடனைக் கட்டுவேன் என்று திகதி குறித்து, சான்றோடு எழுதும் பிள்ளை தலைகுனிந்து நிற்கவேண்டியதில்லை. "தாழ்மையுடன்" என்ற சொல்லை வெட்டிவிட்டு, அந்த இடத்தில் கடன் இலக்கத்தை எழுதுங்கள்.