எழுத்தில் ஒன்று, எண்ணில் ஒன்று: நெல் பணத்துக்கு வந்த காசோலை

கேள்வி: இரண்டு தடவையாக நெல் போட்டதற்கு வியாபாரி ஒரே காசோலையாகக் கொடுத்தார். கட்டத்தில் 1,09,990 என்று இருக்கிறது. எழுத்தில் ‘ஒரு லட்சத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு’ என்று இருக்கிறது. வங்கியில் போடலாமா? எந்தத் தொகை செல்லும்?
– ஒரு வாசகர், அரியக்குடி

பதில்: இப்போதைக்குப் போடாதீர்கள். எழுத்தில் இருப்பது 1,00,990தான். உங்களுக்கு 9,000 ரூபாய் குறைகிறது.

எழுத்தில் எழுதியதை எண்ணாக்கும்போது ஒன்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். ‘தொள்ளாயிரம்’ என்ற சொல்லுக்குள் ‘ஆயிரம்’ இருக்கிறது. ஆனால் அது 900. ‘தொண்ணூறு’க்குள் ‘நூறு’ ஒலிக்கிறது, அது 90. மற்ற எண்களில் இந்தத் தொல்லை இல்லை. எண்பது, எண்ணூறு, எட்டாயிரம் என்று வரிசையாகப் போகும். ஒன்பது மட்டும் ஒரு படி மேலே உள்ள பெயரை வைத்துக்கொண்டு கீழ்ப்படியில் நிற்கும். உங்கள் வியாபாரி ‘ஒன்பதாயிரத்து’ என்ற சொல்லை விட்டுவிட்டார். அடுத்த சொல்லிலேயே ‘ஆயிரம்’ கேட்டதால் எழுதி முடித்துவிட்டதாக நினைத்திருப்பார்.

சரிபார்க்க ஒரு தாளில் நான்கு கட்டம் போடுங்கள்: லட்சம், ஆயிரம், நூறு, கடைசி இரண்டு இலக்கம். எழுத்தில் உள்ளதை ‘த்து’ வரும் இடத்தில் வெட்டி, ஒவ்வொரு துண்டையும் அதற்குரிய கட்டத்தில் போடுங்கள். ஒரு லட்சம் என்பது 1. ஆயிரத்துக்கு எந்தச் சொல்லும் இல்லை, அதனால் 00. தொள்ளாயிரம் என்பது நூறு கட்டத்தில் 9. தொண்ணூறு கடைசியில் 90. சேர்த்தால் 1,00,990. ஆயிரம் கட்டத்துக்கு எப்போதும் இரண்டு இடம் விட வேண்டும். ஒன்பதாயிரம் என்றிருந்தால் 09 என்று போட வேண்டும். வெறும் 9 போட்டால் லட்சமே காணாமல் போய் 19,990 ஆகிவிடும். (செட்டிநாட்டு வீடுகளின் பழைய கணக்குகளில் இருக்கும் தமிழ் எண்களில் 9,990 என்பதை ௯௲௯௱௯௰ என்று எழுதுவார்கள். ஆயிரம், நூறு, பத்து மூன்றுக்கும் தனித்தனிக் குறி இருப்பதால் ஒன்று விட்டுப்போனால் உடனே கண்ணில் படும்.)

அடுத்து, எது சரியான தொகை என்பதைக் காசோலையை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. எடைச் சீட்டுக்குப் போக வேண்டும். முதல் தடவை 45 மூட்டை, மூட்டை ‘ஆயிரத்துத் தொண்ணூறு’ என்று எழுதியிருக்கிறீர்கள். அது 1,090, 1,900 அல்ல. 45 மூட்டைக்கு 49,050. இரண்டாம் தடவை 55 மூட்டை, 1,108 வீதம் 60,940. இரண்டும் சேர்ந்து 1,09,990. ஆகவே கட்டத்தில் உள்ள எண் சரி, எழுத்துதான் பிழை.

இலக்கங்களைக் கூட்டிச் சரிபார்க்கும் பழக்கம் சில பெரியவர்களிடம் உண்டு. இங்கே அது கைகொடுக்காது. 1,09,990இன் இலக்கங்களைக் கூட்டினால் 28, அதையும் கூட்டினால் 10, பிறகு 1. 1,00,990க்குக் கூட்டினால் 19, 10, பிறகு அதே 1. விட்டுப்போனது ஒன்பது என்றால் இந்தக் கணக்கு அதைக் காட்டிக்கொடுக்காது. மூட்டையை விலையால் பெருக்கிக் கூட்டுவதுதான் வழி.

இனி சட்டம். 1881ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 18ஆவது பிரிவின்படி, எண்ணும் எழுத்தும் மாறுபட்டால் எழுத்தில் உள்ள தொகையே செல்லும். புரோநோட்டுக்கும் இதே விதிதான். ஆனால் நடைமுறையில், எண்ணும் எழுத்தும் ஒத்துவரவில்லை என்று வங்கிகள் காசோலையைத் திருப்பி அனுப்புவது வழக்கம். திரும்பினால் உங்களுக்கு நாள் போகும், சில இடங்களில் கட்டணமும் பிடிப்பார்கள். திரும்பாமல் எழுத்துப்படி பணம் வந்தால் 9,000 குறைந்து வரும்.

‘அதிலேயே ஒன்பதாயிரத்து என்று இடைச்செருகி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்’ என்று வியாபாரி சொல்லக்கூடும். ஒத்துக்கொள்ளாதீர்கள். காசோலையின் படத்தை அனுப்பிப் பணம் மாற்றும் இன்றைய முறையில், தேதியைப் புதுப்பிப்பது தவிர வேறு எந்தத் திருத்தத்தையும், கையெழுத்து இருந்தாலும், ரிசர்வ் வங்கி அனுமதிப்பதில்லை. நீங்களே திருத்துவது அதைவிட மோசம். ஆவணமே செல்லாமல் போகலாம். பழைய தாளைத் திருப்பிக் கொடுத்துப் புதுக் காசோலை வாங்குங்கள். எழுதியவருக்கு அது ஐந்து நிமிட வேலை. தமிழிலேயே எழுதலாம், வங்கி ஏற்கும். வாங்கும்போதே அவர் முன்னால் எழுத்தை வாய்விட்டுப் படியுங்கள்: ‘ஒரு லட்சத்து ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு’. தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் வங்கியில் போட்டுவிட வேண்டும். அதுவரை இரண்டு எடைச் சீட்டுகளையும் தூக்கிப் போட வேண்டாம்.