வாடகைத் தகராறு: நடுவரா, நீதிமன்றமா?

புது தில்லி: "தகராறு எழுந்தால் நடுவரே தீர்ப்பார்" என்ற விதி தில்லி வாடகை ஒப்பந்தங்கள் பலவற்றில் இடம்பெறுகிறது. அது செல்லுமா என்பதை வாடகைத் தொகையே முடிவு செய்கிறது.

மாத வாடகை ரூ.3,500-ஐத் தாண்டாத கட்டடங்களுக்குப் பொதுவாக 1958-ஆம் ஆண்டு தில்லி வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பொருந்தும். அங்கு வெளியேற்ற உத்தரவை வாடகைக் கட்டுப்பாட்டு அதிகாரியிடமே கோர வேண்டும், நடுவருக்கு அதிகாரமில்லை.

தொகை அதைத் தாண்டினால் சொத்து மாற்றுச் சட்டம் பொருந்தும். அத்தகைய வழக்கும் நீதிமன்றத்துக்கே உரியது என 2017-இல் தில்லியைச் சேர்ந்த 'ஹிமாங்னி' வழக்கில் கூறிய உச்ச நீதிமன்றம், 2020 டிசம்பரில் 'வித்யா துரோலியா' வழக்கில் அதை மாற்றி, நடுவருக்கு வழிவிட்டது.

ரூ.40,000 வாடகை வீட்டின் உரிமையாளர், நடுவர் விதியை மறந்து உரிமையியல் நீதிமன்றத்தை நாடுவதாகக் கொள்வோம். வாடகைதாரர் தமது முதல் பதிலுரையைத் தாக்கல் செய்வதற்குள் அவ்விதியைச் சுட்டிக்காட்டினால், வழக்கு நடுவரிடம் அனுப்பப்படும். தவறினால் நீதிமன்றத்திலேயே தொடரும்.

நடுவரை உரிமையாளர் தன்னிச்சையாக நியமிக்கவும் இயலாது. இருவரும் உடன்படாவிட்டால் உயர் நீதிமன்றத்தையே அணுக வேண்டும். நடுவர் கட்டணத்தையும் தரப்பினரே ஏற்க வேண்டும். இறுதியில், நடுவரின் தீர்ப்புக்குப் பணியாதவரை வெளியேற்ற, நிறைவேற்று மனுவுடன் நீதிமன்றப் படியேறியே ஆக வேண்டும். நீதிமன்றத்தைத் தவிர்க்க எழுதப்படும் விதி, அதை முழுமையாகத் தவிர்ப்பதில்லை.