திறப்பு ஆரிட்ட இருக்கு?

வீட்டில இன்டர்நெட் ஒரு மாதிரி நடந்தா எங்கட ஆக்கள் செய்யிறது ரெண்டே ரெண்டு வேலை. ரூட்டரை நிப்பாட்டித் திரும்பப் போடுவினம். கொஞ்சம் விவரம் தெரிஞ்ச ஆக்கள் எண்டா வைஃபை பாஸ்வேர்டை மாத்திப்போட்டு, "இனி ஒருத்தரும் உள்ள வரேலாது" எண்டு நிம்மதியாப் படுப்பினம். அந்த நிம்மதியோடதான் எனக்குச் சண்டை.

ரூட்டருக்கு ரெண்டு பூட்டு இருக்கு. வைஃபை பாஸ்வேர்ட் இணைப்பைப் பாவிக்கிறதுக்கு. நிர்வாகப் பாஸ்வேர்ட், ரூட்டருக்குள்ள இருக்கிற எல்லாத்தையும் மாத்துறதுக்கு. முதலாவதை விருந்தாளிக்கும் சொல்லுறம். ரெண்டாவது இருக்கெண்டே பாதிப் பேருக்குத் தெரியாது. பொருத்த வந்தவர் வைச்ச `admin` அப்பிடியே கிடக்கும். களவெடுக்க வாறவனுக்குத் தேவை அந்த ரெண்டாவது பூட்டுத்தான்.

உள்ள வந்தவன் என்ன மாத்துவான்? பெரும்பாலும் ஒரே ஒரு இலக்கத்தை. நீங்கள் ஒரு தளத்தின் பெயரைத் தட்டச்சு செய்தவுடன், அது எந்த இலக்கத்தில் இருக்கிறது எண்டு உங்கட கருவி ஒரு பெயர் வழங்கியிடம், அதாவது டிஎன்எஸ் சேர்வரிடம், கேட்கும். அந்த சேர்வரின் இலக்கத்தை மாத்தினா, வீட்டில இருக்கிற அத்தனை ஃபோனும் கள்ளனிட்டத்தான் வழி கேட்கும். நூறு தடவை சரியான வழி சொல்லி, நூற்றியோராவது தடவை போலி வங்கிப் பக்கத்துக்கு அனுப்பலாம். நூறு தடவையும் எல்லாம் ஒழுங்கா வேலை செய்யும். "ஒரு பிரச்சினையும் இல்லையே" எண்டது அதால ஒரு ஆதாரமே இல்லை.

இது கற்பனை இல்லை. 2011 நவம்பரில் அமெரிக்காவின் எஃப்பிஐ ஒரு எஸ்தோனியக் கும்பலின் கதையை வெளியில விட்டது. டிஎன்எஸ்சேஞ்சர் எண்ட தீநிரல் 100க்கு மேற்பட்ட நாடுகளில் ஏறத்தாழ 40 இலட்சம் கணினிகளின் பெயர் வழங்கியை மாத்தியிருந்தது. ரூட்டர்களில் இருந்த வழமையான பாஸ்வேர்டுகளையும் அது போட்டுப் பார்த்தது. விளம்பரங்களைத் திசைதிருப்பியே கும்பல் குறைஞ்சது 1 கோடி 40 இலட்சம் டொலர் உழைச்சது. கள்ள சேர்வர்களை உடனே நிப்பாட்டியிருந்தா பாதிக்கப்பட்ட ஆக்களின் இணையம் அப்பிடியே நிண்டிருக்கும். அதால நீதிமன்ற அனுமதியோட அந்த இடத்தில நல்ல சேர்வர்களை வைச்சு, 2012 யூலை 9 வரைக்கும் ஓடவிட்டாங்கள். செய்தியெல்லாம் வந்தும், கடைசி நாள் வரை இலட்சக்கணக்கானோர் அதிலதான் தொங்கிக்கொண்டு இருந்தினம். கள்ளன் மாத்தினதும் தெரியேல்லை, பொலிஸ் மாத்தினதும் தெரியேல்லை.

அவங்களைக் கண்டுபிடிக்க உதவினது ஒரு பட்டியல். "இந்த இலக்கங்களில் ஒண்டு உங்கட அமைப்பில இருக்கா?" எண்டு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒப்பிட ஒண்டு இல்லாட்டி மாற்றம் எண்ட ஒண்டே தெரியாது. என்ர வாதம் முழுக்க இதுதான்: உங்கட ரூட்டர் நல்லா இருந்த நாளில எப்பிடி இருந்தது எண்டு உங்களிட்ட எழுத்தில இல்லையெண்டா, நீங்கள் செய்யிறது சோதனை இல்லை, சாத்திரம் பார்க்கிறது.

அன்ரி ஒராள் வீட்டில நடந்ததைச் சொல்லுறன். எல்லா ஃபோனிலயும் ஒரே மாதிரி விசித்திர விளம்பரங்கள். மகன் மடிக்கணினியில இதை அடிச்சுப் பார்த்தார்:

```
ipconfig /all
```

`DNS Servers` எண்ட வரியில `192.168.1.1`. "ரூட்டர்தானே, சரி" எண்டு விட்டிட்டார். பிழை அங்கதான். கணினி ரூட்டரிட்ட கேட்குது எண்டதை மட்டுந்தான் அது சொல்லுது. ரூட்டர் ஆரிட்டக் கேட்குது எண்டதை ரூட்டருக்குள்ள போய்த்தான் பார்க்கவேணும்.

போய்ப் பார்த்தம். உலாவியில அதே இலக்கத்தை அடிச்சு நுழைஞ்சா, ரெண்டு இடம் பார்க்கவேணும்: `WAN` பக்கத்தில ஒரு டிஎன்எஸ், `DHCP` பக்கத்தில இன்னொண்டு. அன்ரி வீட்டில `WAN` பக்கம் தானாப் பெறும் நிலையில இருக்கேல்லை. கையால ரெண்டு இலக்கம் போட்டிருந்தது. ரெண்டாவது `8.8.8.8`, அது கூகுளின் பொது சேர்வர். முதலாவது ஒருத்தருக்கும் தெரியாத ஒண்டு. கள்ள சேர்வர் செத்தாலும் இணையம் நிக்காது, சந்தேகமும் வராது. அதுக்குத்தான் ரெண்டாவதா நல்லதொண்டை வைக்கிறது. ஆனால் தெரியாத இலக்கமெல்லாம் கள்ளனுடையதும் இல்லை. உங்கட இணைய நிறுவனத்தின்ர சேர்வராயும் இருக்கலாம். `whois` தேடலில அது ஆரின்ர பெயரில இருக்கெண்டு பாருங்கோ, பிறகு நிறுவனத்துக்கு எடுத்துக் கேளுங்கோ. நாங்கள் பார்த்தது வேறொரு நாட்டு வாடகை சேர்வர். நிறுவனம் "எங்கட இல்லை" எண்டது.

அடுத்தது `Remote Management`. வெளியில இருந்து ரூட்டரைத் திறக்கிற கதவு அது. தேவையில்லாட்டி மூடியிருக்கவேணும். மெனுவை மட்டும் நம்பாதேங்கோ. வைஃபையை நிப்பாட்டி, மொபைல் டேட்டாவில, `WAN` பக்கத்தில இருக்கிற இலக்கத்தை உலாவியில அடிச்சுப் பாருங்கோ. நுழைவுப் பக்கம் வந்தா கதவு திறந்திருக்கு. வராட்டிலும் முழு நிம்மதி இல்லை, வேறொரு துறையில திறந்திருக்கலாம். அந்த இலக்கம் `10.` எண்டோ `100.64` முதல் `100.127` வரையிலயோ தொடங்கினா, நிறுவனம் பல வீடுகளை ஒரு இலக்கத்துக்குப் பின்னால வைச்சிருக்கு. அப்ப இந்தச் சோதனையால ஒண்டும் தெரியவராது.

"பின்பக்க ஓட்டைக்குள்ள ஊசியை விட்டு ரீசெட் பண்ணினாச் சரிதானே?" எண்டு கேட்பினம். பண்ணினா இலக்கம் போகும், ஆதாரமும் போகும், பாஸ்வேர்ட் திரும்ப `admin` ஆகும். சிலவேளை நிறுவனம் போட்ட அமைப்பும் அழிஞ்சு இணையமே போகும். வெளிக்கதவை மூடினாலும், நீங்கள் திறக்கிற ஒரு கெட்ட பக்கம் உங்கட உலாவியைக் கொண்டே உள்ளுக்க இருந்து `admin` போட்டு மாத்தலாம். அதால முதல்ல எல்லாப் பக்கத்தையும் படம் எடுங்கோ. பிறகு ரீசெட், உடனே புது நிர்வாகப் பாஸ்வேர்ட், மென்பொருள் புதுப்பிப்பு. ஒரு கிழமைக்குப் பிறகு திரும்பப் பாருங்கோ. அதே இலக்கம் திரும்பி வந்தா அந்த ரூட்டரை மாத்துறதைத் தவிர வழியில்லை.

ஆனால் முழுப் பழியையும் அன்ரியின்ர தலையில போட நான் ஆயத்தமில்லை. நிர்வாகப் பாஸ்வேர்டைச் சொல்லாமல் போறது ஆர்? தூரத்தில இருந்து பராமரிக்கத் தங்களுக்கு ஒரு வழியைத் திறந்து வைச்சுக்கொண்டு அதைப் பற்றி வாய் திறக்காதது ஆர்? அந்த வழியும் சும்மா இல்லை. 2016 நவம்பரில் ஜேர்மனியில், இப்பிடியான பராமரிப்புக்குப் பாவிக்கிற 7547ஆம் துறையைக் குறிவைச்ச தாக்குதலில் டொய்ச்ச டெலிகொம் வாடிக்கையாளர் ஏறத்தாழ 9 இலட்சம் பேரின் இணைப்பு குழம்பினது.

கேட்கிறது பெரிய விசயமில்லை. ரூட்டர் பொருத்துற அண்டைக்கே ஒரு தாள் தரவேணும்: நிர்வாகப் பாஸ்வேர்ட், இருக்கவேண்டிய டிஎன்எஸ் இலக்கங்கள், நிறுவனத்துக்கு எந்தக் கதவு திறந்திருக்கு எண்ட விவரம். கையெழுத்துக்கு நாலு தாள் நீட்டுற ஆக்களுக்கு இது அஞ்சாவது தாள், அவ்வளவுதான். அவை தரும்வரைக்கும் அந்தத் தாளை நீங்களே எழுதி ரூட்டருக்கு அடியில ஒட்டாமல் வேறெங்கயாவது வையுங்கோ.