‘ரத்து செய்துவிட்டேன்’ என்கிறீர்கள், ஆதாரம் எங்கே? ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதுமா?

ஜிம்மில் சேர இரண்டு நிமிடம் போதும். விலக நினைத்தால் தெரியும் சேதி. வாட்ஸ்அப்பில் சொல்லியாச்சு, முகப்பில் இருந்தவரும் ‘ஓகே’ போட்டாச்சு, ஆனால் மாதா மாதம் கார்டிலிருந்து பணம் மட்டும் போய்க்கொண்டே இருக்கிறது. இது உங்களில் பலருக்கும் நடந்திருக்கும்.

பிரச்சினை முற்றி நடுவர் மன்றம் வரை போகும்போது, அங்கே முதலில் எழும் கேள்வி ‘ரத்து செய்தீர்களா?’ என்பதல்ல. ‘எந்தத் தேதியில், யாரிடம் சொன்னீர்கள்?’ என்பதுதான். பணம் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பது பெரும்பாலும் அந்தத் தேதியில்தான் தொங்கிக்கொண்டிருக்கும். ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு கற்பனைக் கணக்கு

சுங்கை சிப்புட் பக்கம், முன்பு ரப்பர் தோட்டமாக இருந்த இடத்தில் வளர்ந்த ஒரு பெண், ஈப்போவில் வேலை செய்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் ஒரு ஜிம்மில் 12 மாத ஒப்பந்தம் போடுகிறார். மாதம் 150 ரிங்கிட், ஆண்டுக்கு 1,800 ரிங்கிட். பணம் கார்டிலிருந்து தானாகப் பிடிக்கப்படும்.

மே மாதக் கடைசியில் அவருக்குக் கிள்ளான் பள்ளத்தாக்கில் வேலை கிடைக்கிறது. மே 28-ஆம் தேதி, ஜிம் ஊழியருக்கு வாட்ஸ்அப்பில் ‘அடுத்த மாதத்திலிருந்து நிறுத்திக்கொள்கிறேன்’ என்று அனுப்புகிறார். ‘ஓகே நோட்டட்’ என்று பதில் வருகிறது. ஆனால் ஜூன், ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் என நான்கு மாதம் பணம் பிடிக்கப்படுகிறது. மொத்தம் 600 ரிங்கிட். செப்டம்பர் 10-ஆம் தேதி கோபத்தோடு மின்னஞ்சல் அனுப்புகிறார். ‘இன்றுதான் உங்கள் விண்ணப்பம் கிடைத்தது’ என்று ஜிம் பதில் சொல்கிறது. அந்த ஊழியரோ வேலையை விட்டே போய்விட்டார்.

சட்டம் என்ன சொல்கிறது? 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 17-வது பிரிவு, இப்படித் தொடர்ந்து வழங்கப்படும் சேவைக்கான ஒப்பந்தத்தைப் பயனீட்டாளர் இடையிலேயே ரத்து செய்யலாம் என்கிறது. அதற்கு மேல் நிறுவனம் கேட்கக்கூடியது முழு ஒப்பந்தத் தொகையில் 5 விழுக்காடும், அதுவரை பயன்படுத்திய பொருள், சேவைக்கான கட்டணமும்தான். ‘ஓராண்டுக்கு ரத்து செய்ய முடியாது’ என்று ஒப்பந்தத்தில் எழுதி இந்தச் சட்டத்தைத் தள்ளிவைக்க முடியாது.

நம் கணக்கில் 1,800-இல் 5 விழுக்காடு 90 ரிங்கிட். மே வரையிலான கட்டணத்தை அவர் ஏற்கெனவே கட்டிவிட்டார். ஆகவே மே 28 என்ற தேதியை நிரூபித்தால், 600-இல் 90 போக 510 ரிங்கிட் கேட்கலாம். செப்டம்பர் 10 மட்டும்தான் நிரூபணமாகிறது என்றால், அந்த நான்கு மாதப் பணத்தைக் கேட்க அவர் கையில் பெரிதாக ஒன்றும் இருக்காது.

ஆகவே அந்த மே 28 வாட்ஸ்அப் உரையாடல்தான் முழு வழக்கும்.

அந்த ஸ்கிரீன்ஷாட்டில் என்ன இருக்கிறது?

அவரிடம் இருக்கும் ஸ்கிரீன்ஷாட்டைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். மேலே ‘ஜிம் அண்ணா’ என்று பெயர் இருக்கிறது. அது அவர் தன் கைப்பேசியில் சேமித்துவைத்த பெயர். எந்த எண் என்று தெரியாது. நடுவில் "Today" என்று இருக்கிறது. அன்றைக்கே எடுத்த படம் என்பதால் வாட்ஸ்அப் தேதியைக் காட்டவில்லை! மணி 4:12 என்று இருக்கிறது, ஆனால் எந்த நாளின் 4:12? ஆதாரம் வேண்டுமே என்று உடனே படம் எடுத்த நல்ல பழக்கமே இங்கே காலை வாரிவிட்டது.

அதோடு, ஸ்கிரீன்ஷாட் என்பது வெறும் படம். அதைத் திருத்துவது எவ்வளவு சுலபம் என்று எதிர்த்தரப்புக்கும் தெரியும். ‘இது ஒட்டுவேலை’ என்று அவர்கள் சொன்னால், படத்தை வைத்துக்கொண்டு மட்டும் நீங்கள் பதில் சொல்ல முடியாது. மூல உரையாடல் கைப்பேசியில் அப்படியே இருக்க வேண்டும். புதுக் கைப்பேசி வாங்கும்போது பேக்கப் எடுக்காமல் விட்டாலோ, உரையாடலில் மறையும் செய்திகள் வசதி 90 நாளுக்கு இயக்கத்தில் இருந்தாலோ, மே மாதச் செய்தி செப்டம்பரில் இருக்காது.

உரையாடல் இன்னும் இருந்தால் மூன்று வேலை செய்யலாம். தொடர்பு விவரப் பக்கத்தைத் திறந்து, எண் முழுதாகத் தெரியும்படி ஒரு படம் எடுங்கள். அனுப்பிய செய்தியை அழுத்திப் பிடித்து அதன் விவரப் பக்கத்தைத் திறந்தால், ஆண்ட்ராய்டில் "Message info" என்று இருக்கும், எப்போது போய்ச் சேர்ந்தது, எப்போது படிக்கப்பட்டது என்று தெரியும். அதையும் எடுத்து வையுங்கள். பிறகு "Export chat" கொடுத்தால் முழு உரையாடலும் ஒவ்வொரு வரியிலும் தேதி, நேரத்தோடு ஒரு கோப்பாக உங்கள் மின்னஞ்சலுக்கே வந்துவிடும். அந்தக் கோப்பும் திருத்தக்கூடியதுதான். ஆனால் படமும் கோப்பும் கைப்பேசியில் உள்ள மூலமும் ஒன்றுக்கொன்று பொருந்திப் போனால், ‘ஒட்டுவேலை’ என்ற வாதம் எடுபடுவது கஷ்டம்.

இன்னொரு வாதமும் வரும். ‘அது ஊழியரின் சொந்த எண், நிறுவனத்துக்குத் தெரியாது.’ இதற்குப் பதில் பழைய செய்திகளில் இருக்கலாம். ஜனவரியில் சேர்வதற்கான விண்ணப்பமும் விலைப்பட்டியலும் அதே எண்ணிலிருந்துதான் வந்தன என்றால், ஆளைச் சேர்க்கும்போது நிறுவனத்தின் எண்ணாக இருந்தது விலகும்போது மட்டும் எப்படிச் சொந்த எண் ஆனது என்று கேட்கலாம். ரத்து செய்த பகுதியை மட்டும் வெட்டி எடுக்காமல் உரையாடலை முதலிலிருந்தே வைத்திருக்கச் சொல்வது இதனால்தான்.

குறிப்பு எண் கிடைத்தால் ரத்து ஆகிவிட்டதா?

ரொம்பப் பேர் ஏமாறுவது இங்கேதான். ‘உங்கள் விண்ணப்பம் கிடைத்தது, குறிப்பு எண் இது’ என்று வரும் தானியங்கி மின்னஞ்சல், நீங்கள் கேட்டதற்குத்தான் ஆதாரம். அவர்கள் ரத்து செய்ததற்கு ஆதாரம் அல்ல. ‘உங்கள் சேவை இந்தத் தேதியிலிருந்து முடிவுக்கு வருகிறது’ என்ற வாசகம் வேறு. கணக்கு எண், முடிவுத் தேதி, மீதித் தொகை மூன்றும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால், அந்த மின்னஞ்சலுக்கே பதில் போட்டுக் கேளுங்கள்.

ஆனாலும் முதல் வகை மின்னஞ்சலைத் தூக்கிப் போடாதீர்கள். நம் ஜிம் கணக்கில் தேவைப்படுவதே ‘எப்போது சொன்னேன்’ என்பதுதான். எதிர்த்தரப்பின் கணினியே அனுப்பிய தேதியைவிட வலுவானது வேறு கிடைக்காது. அதை நண்பருக்கு ஃபார்வர்ட் செய்து அந்தப் பிரதியை மட்டும் வைத்துக்கொள்வதில் பயனில்லை. அனுப்பிய சர்வர், நேரம் போன்ற விவரங்கள் மூல மின்னஞ்சலின் தலைப்பகுதியில்தான் இருக்கும். ஜிமெயிலில் "Show original" என்பதை அழுத்தினால் அவை தெரியும், அப்படியே பதிவிறக்கமும் செய்யலாம்.

தொலைபேசியில் ரத்து செய்தால்? பேசி முடித்த கையோடு, நிறுவனத்தின் அதிகாரப்பூர்வ முகவரிக்கு நான்கு வரி மின்னஞ்சல் அனுப்புங்கள். இன்று இத்தனை மணிக்கு இன்னாரிடம் பேசினேன், இந்தக் கணக்கை ரத்து செய்யச் சொன்னேன், இந்தக் குறிப்பு எண் கொடுத்தார், தவறு இருந்தால் தெரிவிக்கவும். பதில் வராவிட்டாலும் அன்றைய தேதியில் ஓர் எழுத்துப் பதிவு உருவாகிவிடும். பதில் சொல்லாத மௌனத்தை ஒப்புதலாக எடுத்துக்கொண்ட மலேசிய வழக்கும் உண்டு, அப்படி எடுத்துக்கொள்ள மறுத்த வழக்கும் உண்டு. அதனால் மௌனத்தை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள்.

கணினி ஆவணத்தைச் சட்டம் ஏற்குமா?

ஏற்கும். மின்னணு வடிவில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு தகவலின் சட்ட மதிப்பை மறுக்கக் கூடாது என்கிறது 2006-ஆம் ஆண்டு மின்னணு வணிகச் சட்டம். வழக்கமான நீதிமன்றத்தில் 1950-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 90ஏ பிரிவு வரும். கணினி தன் வழக்கமான பயன்பாட்டில் உருவாக்கிய ஆவணம் என்று சான்றிதழ் தரலாம், அல்லது பொறுப்பானவர் நேரில் வந்து சாட்சி சொல்லலாம். 1990-களில் ஒரு வங்கிக் கணக்கு அறிக்கை தொடர்பான வழக்கில், வங்கி அதிகாரியே நேரில் வந்து சொன்னதால் சான்றிதழ் தேவையில்லை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

ஜிம் பிரச்சினைக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கிறது. கட்டணம் 5 ரிங்கிட். மூன்று ஆண்டுக்குள் மனு போட வேண்டும். இரு தரப்புமே வழக்கறிஞரை வைத்து வாதாட முடியாது என்பதுதான் இதன் சிறப்பே. நீங்கள் முதலாம் பாரத்தை நிரப்பித் தாக்கல் செய்ததும் அது நிறுவனத்துக்குப் போகும். அவர்கள் 14 நாளுக்குள் இரண்டாம் பாரத்தில் பதில் தர வேண்டும். அந்தப் பதிலை நன்றாகப் படியுங்கள். ‘செய்தி வரவே இல்லை’ என்கிறார்களா, ‘வந்தது, ஆனால் செல்லாது’ என்கிறார்களா என்பதைப் பொறுத்துத்தான் எந்த ஆதாரத்தை முன்னால் வைப்பது என்று முடிவு செய்ய வேண்டும். குரல் பதிவு தமிழில் இருந்தால், அதன் மலாய் மொழிபெயர்ப்பையும் தேதி வரிசையில் சேர்த்துக் கொண்டுபோனால் வேலை சுலபமாகும்.

கார்டு மூலம் கட்டியவர்களுக்கு வங்கி வழியும் இருக்கிறது. ரத்து செய்த பிறகும் பிடிக்கப்பட்ட தொடர் கட்டணத்தை மறுத்துப் புகார் செய்ய விசா, மாஸ்டர்கார்டு இரண்டிலும் வழி உண்டு. அதற்குக் காலக்கெடு பொதுவாக 120 நாள்தான். வங்கி கேட்பதும் அதே கேள்வி: ரத்து செய்த தேதி, பணம் பிடித்த தேதிக்கு முந்தையதா? கார்டை மட்டும் முடக்கிவிட்டு நிம்மதியாக இருப்பவர்களும் உண்டு. கார்டை முடக்கினால் பணம் போவது நிற்கும், ஒப்பந்தம் நிற்காது. பாக்கி ஏறிக்கொண்டே போகும்.

விலகுவதைச் சிரமமாக்குவது ஈப்போ ஜிம்மோடு நிற்கும் கதை அல்ல. அமேசான் தன் பிரைம் சந்தாவை ரத்து செய்யும் வழிக்கு உள்ளுக்குள் ‘இலியட்’ என்று ஒரு நீண்ட போர்க் காவியத்தின் பெயரை வைத்திருந்தது என்று அமெரிக்காவின் எஃப்.டி.சி. 2023-இல் குற்றம் சாட்டியது. 2025 செப்டம்பரில் 250 கோடி டாலருக்கு அந்த வழக்கு சமரசமானது.

தோட்டத்து முகவரி

பேராக்கில் தோட்டத்துப் பின்னணி உள்ளவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. அடையாள அட்டையில் இன்னும் பழைய தோட்டத்து முகவரியே இருக்கும். முன்பு கடிதமெல்லாம் தோட்ட ஆபீசுக்கு வரும், யாராவது கொண்டுவந்து கொடுத்துவிடுவார்கள். இன்று ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது, அல்லது வீடமைப்புப் பகுதி வந்துவிட்டது. லயத்து வீடே இல்லை. ஆனால் ஒப்பந்தத்தில் அடையாள அட்டையைப் பார்த்து எழுதிய அந்த முகவரிக்குத்தான் நிறுவனத்தின் நோட்டீசும், கடன் வசூலிப்பவரின் கடிதமும் போகும். ‘அனுப்பினோம், உங்களிடமிருந்து பதில் இல்லை’ என்பது அவர்கள் பக்கத்து ஆதாரமாகிவிடும்.

அதனால் நம் கணக்கில் வரும் பெண் மே 28 அன்று அனுப்பியிருக்க வேண்டிய மின்னஞ்சலில் இன்னொரு வரியும் இருந்திருக்க வேண்டும்: ‘இனி என் தொடர்பு முகவரி இது, கடிதங்களை இந்த மின்னஞ்சலுக்கும் அனுப்பவும்.’ அந்த மின்னஞ்சலும் வேலை செய்யும் நிறுவனம் கொடுத்ததாக இருக்கக் கூடாது. வேலை மாறிய மறுநாளே அது பூட்டப்பட்டுவிடும், ஆதாரங்களும் அதோடு உள்ளே மாட்டிக்கொள்ளும்.